ஒற்றைப் பைலின் சாட்சி போதாது

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அடுக்குமாடி எழும் இடங்களில் அடித்தளத்தைப் பற்றிக் கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். "ஒரு பைலுக்கு லோடு டெஸ்ட் எடுத்தாச்சு, பாஸ். விட்டத்தைப்போல மூணு மடங்கு இடைவெளி விட்டிருக்கோம். சந்தேகம்னா இன்னும் நாலு பைல் சேர்த்துப் போட்டுடலாம்." ஒப்பந்ததாரர் இப்படிச் சொல்கிறார், மேற்பார்வைப் பொறியாளர் தலையசைக்கிறார், வீடு வாங்குபவர் நம்பிக் கையெழுத்துப் போடுகிறார். வடிவமைப்பு அறிக்கையின் பின்பக்கத்தில் "குழுத்திறன்" என்ற பெயரில் ஒரு சூத்திரமும் அதன் விடையாக ஒரு சதவீதமும் இருக்கும். அத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அது முடியவில்லை என்பதே என் வாதம். ஒற்றைப் பைலின் சோதனை அந்தப் பைலுக்கு மட்டுமே சாட்சி. பத்துப் பதினாறு பைல்கள் ஒரு தலைமூடியின் கீழ் சேர்ந்து நிற்கும்போது அவை தனித்தனிப் பைல்களாக நடந்துகொள்வதில்லை. தமக்கிடையே இருக்கும் மண்ணையும் சேர்த்துக்கொண்டு அகலமான ஒரே அடித்தளமாகிவிடுகின்றன. அந்த அகலமான அடித்தளம் எவ்வளவு ஆழத்து மண்ணை அழுத்துகிறது, அங்கே என்ன இருக்கிறது, அது எத்தனை வருடத்தில் எவ்வளவு சுருங்கும் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். சோதனையும் இடைவெளி விதியும் சூத்திரமும் இவற்றில் எதற்கும் விடை சொல்வதில்லை.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சி நகரத்தின் பெரும்பகுதியில் பாறை தொலைவில் இல்லை. மலைக்கோட்டை தரைக்கு மேல் 83 மீட்டர் எழுந்து நிற்கிறது. அந்தப் பாறையின் உறவினர்கள் நகரின் பல தெருக்களுக்கு அடியில், சிதைந்த பாறையாகவும் அதன் கீழே கெட்டிப் பாறையாகவும் கிடக்கிறார்கள். பைலின் முனையைக் கெட்டிப் பாறைக்குள் இறக்கி உட்கார வைத்துவிட்டால், ஒரு பைல் 100 டன் தாங்கினால் பத்துப் பைல் 1,000 டன் தாங்கும் என்று சொல்வதில் பிழை இல்லை. பாறை சுருங்குவதில்லை. கீழே வேறு மெலிந்த அடுக்கும் இல்லை. அங்கே குழுவின் அமிழ்வு ஒற்றைப் பைலின் அமிழ்வைவிடப் பெரிதாக மாறிவிடாது. நகரத்தில் பழகிய கை இந்த விதியை நம்புவதற்கு இதுவே காரணம். தவறு அதை ஆற்றைத் தாண்டி எடுத்துச் செல்லும்போதுதான் தொடங்குகிறது.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியுமாக ஓடுகிறது. இடையில் கிடப்பது அந்த இரண்டு ஆறுகளும் கொண்டுவந்து சேர்த்த மண். ஆறு எப்போதும் ஒரே வேகத்தில் ஓடவில்லை, ஒரே தடத்திலும் ஓடவில்லை. 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டியதே, கொள்ளிடம் தண்ணீரை அதிகமாக இழுத்துக்கொண்டு காவிரியின் வாய் மணல்மேடிட்டு வந்ததால்தான். ஓர் ஆற்றின் பங்கு ஏறி இன்னொன்றின் பங்கு இறங்குவது அணை வருவதற்கு முன்பே நடந்த கதை. தண்ணீர் விரைந்து ஓடிய இடத்தில் பருமணல் படியும். ஆறு கைவிட்ட கிளையில் தண்ணீர் தேங்கி நிற்கும், அங்கே மெல்லிய களி படியும். பிறகு வரும் வெள்ளம் அதன் மேல் மணலைப் போட்டு மூடிவிடும். இப்படிப்பட்ட வண்டல் நிலத்தில் நல்ல கெட்டி மணலுக்கு அடியில் மூன்று மீட்டர் களி ஒளிந்திருக்கலாம். அது மனை முழுவதும் விரிந்து கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. பழைய கிளையின் அகலத்துக்கு ஒரு பட்டையாக, மனையின் ஒரு மூலையை மட்டும் தொட்டுச் செல்லலாம்.

இந்த மண்ணில் லோடு டெஸ்ட் என்ன செய்கிறது என்பதை அருகில் நின்று பார்ப்போம். பைலின் தலைக்கு மேல் இரும்பு விட்டங்கள் அடுக்கி, அவற்றின் மீது மணல் மூட்டைகளையோ கான்கிரீட் கட்டிகளையோ ஏற்றி மேடை கட்டுகிறார்கள். மேடைக்கும் பைலுக்கும் நடுவே ஹைட்ராலிக் ஜாக். பைலின் தலையைச் சுற்றி நாலு டயல் கேஜ், அவை சாய்ந்து நிற்பதற்கு அசையாத தனிச் சட்டம். ஜாக்கை அழுத்த அழுத்த ஊசி நகர்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அது காட்டும். ஒவ்வொரு படியிலும் நகர்வு அடங்கும்வரை காத்திருந்து நோட்டில் எழுதுகிறார்கள். இறுதிச் சுமையை, வழக்கமான சோதனையில் வேலைச்சுமையைப்போல ஒன்றரை மடங்கை, 24 மணி நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். ஐ.எஸ். 2911 நான்காம் பகுதி 600 மி.மீ. வரையான பைலுக்கு 12 மி.மீ. அமிழ்வை ஒரு முக்கிய அளவுகோலாக வைத்திருக்கிறது. ஊசி ஐந்து ஆறு மி.மீ.யில் நின்றால் பைல் பாஸ்.

சோதனை நேர்மையானது, அவசியமானதும்கூட. கான்கிரீட் சரியாக வார்க்கப்பட்டதா, துளையின் அடியில் சேறு தங்கிவிட்டதா, பக்க உராய்வு எதிர்பார்த்த அளவு கிடைக்கிறதா என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அரை மீட்டர் விட்டமுள்ள ஒரு பைல் தன்னைச் சுற்றியும் தன் முனைக்கு அடியில் சிறிதளவும் இருக்கும் மண்ணைத்தான் அழுத்துகிறது. அதற்கு அப்பால் அதன் சுமை பரவிக் கரைந்துவிடுகிறது. ஆழத்தில் இருக்கும் களிக்கு அந்தப் பைல் வந்ததே தெரியாது.

இதைக் கணக்காகப் போட்டால்தான் புரியும். புரிதலுக்காக நான் எடுத்துக்கொள்ளும் ஒரு மனை இது. மேலிருந்து 18 மீட்டர் வரை மணல், அதன் கீழ்ப்பகுதி கெட்டியானது. 18 மீட்டரிலிருந்து 21 மீட்டர் வரை மூன்று மீட்டர் களி. அதன் கீழே மறுபடியும் கெட்டி மணல். பைலின் விட்டம் அரை மீட்டர், நீளம் 15 மீட்டர். வரிசைக்கு நாலாக 16 பைல், மையத்துக்கு மையம் ஒன்றரை மீட்டர். விட்டத்தைப்போல மூன்று மடங்கு என்ற விதியும் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஒரு பைலுக்கு 45 டன் வீதம் குழுவின் சுமை 720 டன்.

உராய்வுப் பைல் குழுவின் அமிழ்வைக் கணக்கிட நடைமுறையில் இருக்கும் வழி, பைல்களின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் ஒரு கற்பனைப் பலகை அடித்தளம் இருப்பதாக வைத்துக்கொள்வது. நமக்கு அது 10 மீட்டர் ஆழத்தில், பக்கத்துக்கு 5 மீட்டராக அமையும். அங்கிருந்து கீழே போகப் போக சுமை இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் விரிகிறது. களியின் நடுப்பகுதி அந்தப் பலகைக்கு ஒன்பதரை மீட்டர் கீழே இருக்கிறது. அந்த ஆழத்தில் பக்கம் பதினாலரை மீட்டராகிறது, பரப்பு 210 சதுர மீட்டர். ஆகவே 720 டன் அங்கே சதுர மீட்டருக்கு 3.4 டன்னாக இறங்குகிறது. இதே வழியில் ஒற்றைப் பைலின் 45 டன்னைக் கணக்கிட்டால் களியின் நடுவில் சதுர மீட்டருக்கு 0.45 டன்தான். ஏழெட்டு மடங்கு வித்தியாசம்.

களி ஓரளவு மெலிந்தது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு ஒரு டன் கூடினால் தன் கனத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு சுருங்கும் களி அது. மூன்று மீட்டர் களியில் குழுவின் சுமை ஏறத்தாழ 31 மி.மீ. அமிழ்வை உண்டாக்கும். ஒற்றைப் பைல் என்றென்றைக்கும் அங்கேயே நின்றாலும் களியால் அதற்கு வரும் அமிழ்வு 4 மி.மீ.தான். மேலுள்ள மணலின் அமிழ்வு இதில் சேரவில்லை. அதுவும் குழுவில் பெருகும். மணலில் குழுவின் அமிழ்வு, குழுவின் அகலத்தைப் பைலின் விட்டத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்த அளவுக்கு ஒற்றைப் பைலைவிட அதிகமாகும் என்பது வெசிச் தந்த எளிய தோராயம். நமது குழுவுக்கு அது மூன்று மடங்கு. டயல் கேஜில் 4 மி.மீ. காட்டிய மண் குழுவுக்கு 12 மி.மீ. காட்டும். பக்கத்துத் தூண்களின் குழுக்கள் அழுத்துவதையும் சேர்த்தால் கட்டடத்தின் நடுப்பகுதி விளிம்பைவிட அதிகமாக இறங்கும். களிப்பட்டை ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அந்த மூலை தனியாக இறங்கும். கட்டடத்தைக் கெடுப்பது மொத்த இறக்கத்தைவிட இந்த ஏற்றத்தாழ்வுதான்.

"24 மணி நேரம் சுமையை வைத்தோமே, ஊசி அசையவில்லையே" என்பது அடுத்த வாதம். களி சுருங்க வேண்டுமானால் அதனுள் இருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும். மேலும் கீழும் மணல் இருப்பதால் தண்ணீர் ஒன்றரை மீட்டர் கடந்தால் போதும். அப்படியும், தண்ணீரை மெதுவாக விடும் சாதாரணக் களியில் பத்தில் ஒன்பது பங்கு சுருக்கம் முடிய ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும். அதே களி முதல் 24 மணி நேரத்தில் தன் சுருக்கத்தில் நூற்றில் நாலு பங்கைத்தான் முடித்திருக்கும். சோதனைச் சுமையில் ஒற்றைப் பைல் அந்தக் களியில் உண்டாக்கக்கூடிய முழு அமிழ்வே 6 மி.மீ. அதில் நாலு சதவீதம் கால் மில்லிமீட்டர். பைலின் கான்கிரீட் சுருங்குவதிலும் வெயிலில் சட்டம் நீள்வதிலும் அந்தக் கால் மில்லிமீட்டர் கலந்து காணாமல் போய்விடும். ஊசி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி வேறு, கட்டடம் இரண்டு வருடம் கழித்துக் கேட்கப்போகும் கேள்வி வேறு.

இனி "சந்தேகம்னா இன்னும் சில பைல்" என்ற வழக்கத்துக்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். செலவு செய்த திருப்தியைத் தந்து நோயைத் தொடாமல் விட்டுவிடும் மருந்து அது. அதே 720 டன்னுக்கு 16 பைலுக்குப் பதில், வரிசைக்கு ஐந்தாக 25 பைல் போடுவோம். ஒரு பைலின் சுமை 45 டன்னிலிருந்து 29 டன்னாகக் குறைகிறது. காகிதத்தில் பாதுகாப்பு பெருகிவிட்டது. களிக்கு என்ன ஆயிற்று? கற்பனைப் பலகையின் பக்கம் ஆறரை மீட்டராகிறது, களியின் நடுவில் 16 மீட்டராக விரிகிறது, அழுத்தம் சதுர மீட்டருக்கு 2.8 டன். களியின் அமிழ்வு 31 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ.க்கு வருகிறது. ஒன்பது பைல் கூடுதலாகப் போட்டு 6 மி.மீ. குறைத்திருக்கிறோம். மொத்தச் சுமை மாறாதபோது, அதே ஆழத்தில் கூட்டத்தைப் பெருக்குவதால் களி தப்பிவிடாது.

அதே பணத்தை வேறு விதமாகச் செலவிடலாம். 25 பைல் 15 மீட்டர் வீதம் 375 மீட்டர். 16 பைலை 24 மீட்டர் வரை இறக்கினால் 384 மீட்டர். துளைக்கும் வேலையும் கான்கிரீட்டும் கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் இப்போது பைலின் முனை களியைத் தாண்டிக் கீழ் மணலில் மூன்று மீட்டர் நிற்கிறது. மேல் மணலின் உராய்வு வழியாக ஒரு பங்கு சுமை இன்னும் களியின் மேல் இறங்கத்தான் செய்யும். களி சுருங்கத் தொடங்கியதும் அந்தப் பங்கு மெல்ல மெல்லப் பைலின் கீழ்ப்பகுதிக்கு மாறும். கூடவே, சுருங்கும் மண் பைலைக் கீழ்நோக்கி இழுக்கவும் செய்யும். ஆகையால் கீழ் மணலும் முனையும் இந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்று தனியாகப் பார்த்தாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டால், நீளமான 16 பைல் குட்டையான 25 பைலைவிடப் பல மடங்கு நல்ல அடித்தளம். எண்ணிக்கையில் அல்ல, முனை எங்கே நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அறிக்கையின் பின்பக்கத்துச் சூத்திரத்தையும் விடக்கூடாது. கான்வர்ஸ்–லாபார் பெயரால் வழங்கும் அது இப்படி இருக்கும்:

```
η = 1 − (θ/90) × [(n−1)m + (m−1)n] / (mn)
θ = arctan(d/s)
```

இதில் m வரிசைகளின் எண்ணிக்கை, n ஒரு வரிசையில் உள்ள பைல்கள், d விட்டம், s இடைவெளி. இவ்வளவுதான். மணலா களியா என்று சூத்திரம் கேட்பதில்லை. பைலின் நீளத்தைக் கேட்பதில்லை. அடித்து இறக்கியதா, துளையிட்டு வார்த்ததா என்றும் கேட்பதில்லை. மண்ணையே கேட்காமல் மண்ணில் நிற்கும் ஒன்றின் திறனைச் சொல்லும் சூத்திரம் எப்படி நம்பத்தக்கதாகும்?

நமது 16 பைல் குழுவை இப்போது முழுக்கக் களியில் நிற்பதாக வைத்துப் பார்ப்போம். களியின் ஒட்டுவலிமை சதுர மீட்டருக்கு 4 டன், பைலின் பக்கத்தில் ஒட்டிப் பிடிப்பது 3 டன். ஒரு பைலின் பக்க உராய்வு 71 டன், முனை 7 டன், மொத்தம் 78 டன் அளவில் வரும். பதினாறும் தனித்தனியாக நின்றால் ஏறக்குறைய 1,245 டன். சூத்திரம் 69 சதவீதம் என்று சொல்லி 860 டன்னாக வெட்டிவிடுகிறது. உண்மையில் இந்தக் குழு தன் முழுத் திறனையும் தரக்கூடியது. சூத்திரத்துக்குப் பயந்தவர் இன்னும் ஐந்தாறு பைலைச் சேர்ப்பார். தலைமூடிக்கு இடம் போதாது, ஆகவே இடைவெளியைச் சுருக்குவார். இல்லாத ஆபத்தை விரட்டப் போய், இருக்கும் ஆபத்தை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது இப்படித்தான்.

அந்த ஆபத்துக்குப் பெயர் பிளாக் முறிவு. நெருக்கமாக நிற்கும் பைல்கள் நடுவே இருக்கும் களியையும் அணைத்துக்கொண்டு, கயிற்றால் இறுக்கிய விறகுக்கட்டு போல ஒரே கட்டியாகக் கீழே போய்விடும். பைலுக்கும் மண்ணுக்கும் இடையே எதுவும் வழுக்குவதில்லை. கட்டியின் வெளிச்சுற்றில் மண் மண்ணோடு கிழிகிறது, அதன் அடியில் களி பிதுங்குகிறது. தெர்சாகியும் பெக்கும் 1948-இல் வெளியிட்ட தங்கள் நூலிலேயே இதைக் கணக்கிடும் வழியைக் காட்டிவிட்டார்கள். கட்டியின் சுற்றளவை நீளத்தாலும் களியின் வலிமையாலும் பெருக்க வேண்டும், அதோடு அடிப்பரப்பின் தாங்குதிறனைச் சேர்க்க வேண்டும். வரும் விடையையும் தனிப் பைல்களின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டுச் சிறியதை எடுக்க வேண்டும். விட்டேக்கர் 1957-இல் வெளியிட்ட மாதிரிச் சோதனைகளும் இதையே காட்டின. இடைவெளி குறுகும்போது கட்டியாகப் போகிறது, விரியும்போது தனித்தனியாகப் போகிறது.

நமது 16 பைலுக்குக் கட்டியின் பக்கம் 5 மீட்டர். வெளிச்சுற்று 1,200 டன், அடி 900 டன், ஆக 2,100 டன். கூட்டுத்தொகையான 1,245 டன்னைவிட இது பெரிது, எனவே இங்கே பிளாக் முறிவு வராது. இதையே வரிசைக்கு எட்டாக 64 பைலாக்கி, இடைவெளியை விட்டத்தைப்போல இரண்டு மடங்காகச் சுருக்கினால் கதை திரும்புகிறது. கூட்டுத்தொகை ஏறக்குறைய 4,980 டன். கட்டியின் பக்கம் ஏழரை மீட்டர், அதன் திறன் 3,825 டன். கூட்டுத்தொகையை நம்பி இரண்டரை மடங்கு பாதுகாப்பு வைத்தவருக்கு உண்மையில் கிடைப்பது இரண்டுக்கும் கீழே. ஒரு பைலுக்குச் சோதனை எடுத்தால் அது அப்போதும் 78 டன்னைத் தாங்கி பாஸ் ஆகிவிடும். குழுவின் பலவீனம் அந்த ஒரு பைலில் இல்லவே இல்லை.

மூன்று மடங்கு இடைவெளி விட்டால் இது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐ.எஸ். 2911 உராய்வுப் பைலுக்கு மூன்று மடங்கும், கெட்டி அடுக்கில் நிற்கும் பைலுக்கு இரண்டரை மடங்கும் கேட்பது காரணத்தோடுதான். ஆனால் அந்த விதி காப்பது மேலே சொன்ன ஒரே சீரான களியில்தான். பைலின் முனை இரண்டு மீட்டர் கெட்டி மணலிலும் அதற்கடியில் மெலிந்த களியிலும் நிற்கிறது என்றால், ஒற்றைப் பைலின் சிறிய முனைக்கு இரண்டு மீட்டர் மணல் தாராளம். ஐந்து மீட்டர் அகலக் கட்டிக்கு அந்த மணல் ஒரு மெல்லிய தகடு. அது தகட்டைக் குத்திக்கொண்டு களிக்குள் இறங்கலாம். மூன்று மடங்கு இடைவெளி அதைத் தடுக்காது.

"நாம் கட்டுவது ஐந்து மாடி, இதெல்லாம் வானளாவிய கட்டடத்துக்குத்தான்" என்று இதற்கு மேலும் சொல்வார்கள். சான் பிரான்சிஸ்கோவின் மில்லேனியம் கோபுரத்தை இங்கே பார்க்க வேண்டும். 58 மாடி, 2009-இல் திறந்தார்கள். சுமார் 950 பைல்கள் 60 முதல் 90 அடி ஆழத்தில் கெட்டி மணலில் போய் நின்றன. அந்த மணலுக்குக் கீழே பழைய வளைகுடாக் களி, அதற்கும் வெகு கீழே பாறை. 2016-இல் கட்டடம் 16 அங்குலம் இறங்கிச் சாய்ந்திருப்பது வெளியே தெரிந்தது. பக்கத்தில் பள்ளம் தோண்டி நிலத்தடி நீரை இறைத்ததும் காரணமா என்று வழக்கு நடந்தது. யார் பொறுப்பு என்பது அவர்கள் பாடு. நமக்கான பாடம், அந்த 950 பைலில் எதுவும் முறிந்து போகவில்லை என்பது. குழுவாக அவை களியை அழுத்தின, களி சுருங்கியது. கடைசியில் பாறை வரை போகும் 18 புதிய பைல்களை இறக்கித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஐந்து மாடியின் சுமை சிறிது என்பது உண்மை. ஆனால் பக்கத்துத் தூண்களின் குழுக்கள் அழுத்துவதும் சேரும்போது சிறிய தூண் சுமைகளும் களியில் கூடிப் பெருகும். மாடி எண்ணிக்கையைவிடக் குழுவின் அகலமும் களியின் ஆழமுமே விடையைத் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் களி இருப்பதைத் துளையிட்டுப் பார்த்தவர்கள் கண்டிருக்க மாட்டார்களா? இங்கேதான் பழக்கம் காலை வாருகிறது. மண் பரிசோதனையில், 30 செ.மீ. ஆழம் போக 50 சுத்தியல் அடி தேவைப்படும் கெட்டி அடுக்கு வந்ததும் துளையை நிறுத்திவிடுவார்கள். பாறை நாட்டில் அது சரி, அதற்குக் கீழே இன்னும் கெட்டியானதுதான் வரும். ஆற்றுத் தீவில் 16 மீட்டரில் கெட்டி மணல் வந்து 50 அடி விழுந்தாலும், 18 மீட்டரில் களி இருக்கலாம். போர்லாக் 16 மீட்டரோடு முடிந்துவிடும், களியைப் பற்றிக் காகிதத்தில் ஒரு வரிகூட இருக்காது. வடிவமைப்பாளர் கணக்கில் தவறே செய்யாமல் தவறிவிடுவார்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. துளைகளில் ஒன்றாவது கற்பனைப் பலகையின் மட்டத்திலிருந்து, பைல் பரவியிருக்கும் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு கீழே போயிருக்கிறதா? குழுக்கள் நெருக்கமாக இருந்தால் அந்த அகலம் ஒரு குழுவின் அகலமல்ல, கட்டடத்தின் அகலம். களி கிடைத்திருந்தால் கலையாத மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் அதன் சுருக்கத்தையும் சுருங்கும் வேகத்தையும் அளந்தார்களா? ஐ.எஸ். 8009 இரண்டாம் பகுதி 1980-லிருந்தே ஆழ் அடித்தளத்தின் அமிழ்வைக் கணக்கிட வழி சொல்கிறது. அந்தக் கணக்கு அறிக்கையில் இருக்கிறதா? பிளாக் முறிவின் எண்ணும் கூட்டுத்தொகையின் எண்ணும் அருகருகே எழுதப்பட்டிருக்கின்றனவா? இவை இருந்தால் குழுத்திறன் சதவீதம் இல்லாமலே போகலாம். இவை இல்லாத அறிக்கையில் அந்தச் சதவீதம் எதையும் காப்பாற்றாது.

கட்டும்போதே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. தரைமட்டத் தூண்களில் பித்தளைக் குமிழ் பதித்து, கட்டடத்தின் பாதிப்புக்கு வெளியே உள்ள நிலையான குறியிலிருந்து ஒவ்வொரு மாடி ஏறும்போதும் மட்டம் எடுக்க வேண்டும். மணலின் அமிழ்வு சுமை ஏறும்போதே வந்து, சுமை நின்றதும் நின்றுவிடும். களியின் அமிழ்வு வேலை முடிந்த பிறகும் மெதுவாகத் தொடரும். சுமை கூடாமல் எண் கூடினால் கீழே களி சுருங்குகிறது என்று அறிய வேண்டும். குடிவந்த வீட்டில் அது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக எழும் வெடிப்பாகவும், இறுகிப்போன கதவாகவும், வெளிக்குழாயின் இணைப்பில் விடும் பிளவாகவும் தெரியும். பிளாக் முறிவு இப்படிக் காத்திருக்காது. தலைமூடியைச் சுற்றிய தரை வெடித்தும் பிதுங்கியும் வர, குழு முழுவதும் ஒரே சமயத்தில் இறங்கிவிடும்.

ஆழமான துளையும் ஆய்வகச் சோதனையும் செலவு என்பார்கள். செலவுதான். ஆனால் மேலே பார்த்த ஒன்பது வீண் பைல்களின் நீளம் மட்டும் 135 மீட்டர். ஒரு துளையைக் கூடுதலாகப் பத்து மீட்டர் இறக்கி, இரண்டு மூன்று களி மாதிரிகளைச் சோதிப்பது அதில் சிறு பங்கு. தெரியாததற்குப் பயந்து கான்கிரீட்டைக் கொட்டுகிறோம், தெரிந்துகொள்ளத் தயங்குகிறோம்.

ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் ஆற்றங்கரையை ஒட்டி இனி எழும் ஒவ்வொரு அடுக்குமாடிக்கும் என் கோரிக்கை இதுவே. லோடு டெஸ்ட் அறிக்கையைக் கேளுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். குழுவின் அமிழ்வு எத்தனை மி.மீ., அது எத்தனை வருடத்தில் வரும், எந்த ஆழம் வரை மண்ணைப் பார்த்துவிட்டு அந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பதில் இல்லை என்றால், அந்த அடித்தளத்தை இதுவரை யாரும் வடிவமைக்கவில்லை. பைல்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள்.